விலை ஏறியதா, அளவு ஏறியதா?

மாதக் கடைசியில் கையில் காசு நிற்கவில்லை என்றால் வன்னியில் எந்த வீட்டிலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "சாமான் விலை ஏறிப்போச்சு." 2022இல் இந்தப் பதிலுக்கு மறுபேச்சே இருக்கவில்லை. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9 சதவீதம். முந்தைய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கியதை ஏறத்தாழ இருநூறு ரூபாவுக்கு வாங்கினோம். அன்று கணக்குக் கொப்பி தேவைப்படவில்லை. கடை வாசலிலேயே விடை இருந்தது.

பிறகு நிலைமை மாறியது. 2024 செப்ரெம்பரிலிருந்து 2025 நடுப்பகுதி வரை அதே சுட்டெண் முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் கீழேதான் நின்றது. தேங்காய் போல எதிர்த்திசையில் போன பொருட்கள் இருந்தன. ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கி வரவுமில்லை. ஆனால் ஏறிய இடத்தில் விலை நிற்பது வேறு, மாதாமாதம் ஏறுவது வேறு. விலை பெரும்பாலும் நின்றிருந்த அந்தக் காலத்திலும் குசினிச் செலவு கூடிக்கொண்டே போன வீடுகள் எங்களூரில் உண்டு. அந்த வீடுகளிலும் பதில் மட்டும் மாறவில்லை.

கணக்கு எழுதாததால் வந்த குழப்பம் இல்லை இது. கணக்கு எழுதும் வீடுகளிலும் இதே நிலைதான். பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதப்பட்ட மாதக் கணக்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள். "காஸ் 4000, பால்மா 4000, மரக்கறி 5500, சாமான் 14000" என்று இருக்கும். நாலு வரி, நாலு தொகை, அடியில் கூட்டு. அடுத்த மாதக் கூட்டு பெரிதாக இருந்தால் பெரிதாகிவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். பொருள் விலை கூடியதா, நாங்கள் கூடுதலாக வாங்கினோமா, ஆறு வாரத்துக்குப் போதுமானது ஐந்து வாரத்தில் முடிந்ததா என்று அந்தக் கொப்பியிடம் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. ரூபா எழுதியிருக்கிறது; எத்தனை கிலோ, எத்தனை நாள் என்பது எழுதப்படவில்லை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் குடும்ப வருமான செலவின ஆய்வுக்கு வீட்டுக்கு வரும்போது இப்படிக் கேட்பதில்லை. கடந்த ஒரு வாரத்தில் சாப்பிட்ட பொருட்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, அளவையும் பெறுமதியையும் தனித்தனியாகப் பதிவார்கள். காசு கொடுத்து வாங்காமல் வளவில் பறித்ததும் வயலில் விளைந்ததும் அதில் சேரும். நாட்டின் கணக்கு எடுக்கும் முறையில் பாதியை வீட்டுக் கணக்குக்கு எடுத்தாலே போதும் என்பது என் கட்சி. அதை ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். பரந்தன் பக்கம், ஐந்து பேர், ஒருவர் மாதச் சம்பளம், கொஞ்சம் வயல் என்று வைத்துக்கொள்வோம். தொகைகளைக் கணக்கு இலகுவாக இருப்பதற்காகவே முழு எண்ணாக எடுத்திருக்கிறேன். உங்கள் கடை விலை வேறாக இருக்கும். ஆறு மாதத்தில் இந்த வீட்டின் குசினிச் செலவு மாதத்துக்கு 4,000 ரூபா கூடிவிட்டது. எங்கே?

காஸில் தொடங்குவோம். வீட்டுக் கணக்கில் ஆளை ஏமாற்றுவதில் இதற்கு மிஞ்சியது கிடையாது.

12.5 கிலோ சிலிண்டரின் விலையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம், அது பட்ட பாடு அப்படி. 2021 ஒக்ரோபரில் கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டபோது லிற்றோ சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,750க்குப் போனது. 2022 ஏப்ரலில் 4,860, ஜூலையில் 4,910. அடுத்த ஆண்டு ஜூலையில் 2,982க்கு இறங்கி, பிறகு மறுபடி மூவாயிரத்து அறுநூறைத் தாண்டியது. இவை கொழும்பு விலைகள். வன்னிக்கு வரும்போது ஏற்றுகூலியும் சேரும். விலை இத்தனை தடவை ஏறி இறங்கியதில் எங்கள் கவனம் முழுவதும் விலையிலேயே போய்விட்டது. சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று கேட்டால் "ஒரு மாதத்துக்கு மேலை வரும்" என்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்பது 35 நாளாகவும் இருக்கலாம், 50 நாளாகவும் இருக்கலாம். அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் காசு போகிறது.

ஒரு பெண் சொன்னார்: "அண்ணை, போன மாதம் காஸ் எடுக்கேல்லை, அதாலை கொஞ்சம் மிச்சம் பிடிச்சன்." அது மிச்சமில்லை. சிலிண்டருக்கு நாட்காட்டி தெரியாது. மார்ச் 28இல் மாற்றிய சிலிண்டர் மே 7இல் முடிந்தால் ஏப்ரல் கணக்கில் காஸ் என்ற வரியே இருக்காது. அந்த மாதம் நாங்கள் கெட்டிக்காரர். மே மாதம் ஊதாரிகள். இரண்டுமே பொய். காஸை மாதக் கணக்கில் எழுதவே கூடாது, நாள் கணக்கில் எழுத வேண்டும். புதுச் சிலிண்டரைப் பூட்டும் அன்று திகதியைச் சிறு துண்டில் எழுதி அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். முடிந்த அன்று நாட்களை எண்ணி, விலையை அந்த எண்ணால் வகுத்தால் உண்மையான காஸ் செலவு வந்துவிடும்.

எங்கள் பரந்தன் வீட்டில் சிலிண்டர் 4,000 ரூபா என்று கொள்வோம். தை மாதம் அது 50 நாள் வந்தது: நாளுக்கு 80 ரூபா. ஆடியில் விலை அதேதான், ஆனால் 40 நாளில் முடிந்தது: நாளுக்கு 100 ரூபா. மாதத்துக்கு 600 ரூபா கூடுதல். கடையில் விலை ஒரு ரூபாகூட ஏறவில்லை. கொப்பியிலும் "காஸ் 4000" என்றுதான் இரண்டு தடவையும் எழுதப்பட்டிருக்கும். இந்த 600 ரூபா எங்கேயும் தெரியாமல் போய்க்கொண்டிருக்கும்.

ஏன் பத்து நாள் குறைந்தது? 12.5 கிலோவை 50 நாளால் வகுத்தால் நாளுக்கு 250 கிராம். 40 நாளால் வகுத்தால் 312 கிராம். வித்தியாசம் 60 கிராமுக்குச் சற்று மேல். இரண்டு லீற்றர் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 25 கிராம் காஸ் செலவாகும். சட்டியைச் சுற்றி வெளியே போகும் சூட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆக, முன்பு இல்லாத இரண்டரைக் கேத்தில் தண்ணீர் ஒரு நாளில் புதிதாகக் கொதித்தால் பத்து நாள் கணக்கு முடிந்தது. ஒரு கேத்திலுக்கு 8 ரூபா. வீட்டில் யாருக்கோ தடிமன், குடிக்கச் சுடுதண்ணி. வயதானவருக்குக் குளிக்கச் சுடுதண்ணி. விறகடுப்பில் வைத்த குடிதண்ணீர் காஸுக்கு மாறிவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் செலவாகத் தெரியாது. தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காலையில் ஒரே தடவையில் கொதிக்க வைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்தால் பாதி நின்றுவிடும்.

எங்கள் பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. வன்னியில் பல வீடுகளில் காஸும் விறகும் பக்கத்துப் பக்கத்தில் எரிகின்றன. சோறு விறகில், கறியும் தேத்தண்ணியும் காஸில். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து விறகு நனைந்துவிட்டால் சோறும் காஸுக்கு வந்துவிடும். குத்தரிசி வேகப் பச்சையரிசியைவிட நேரம் எடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே மாரியில் சிலிண்டர் சீக்கிரம் முடிவது ஊதாரித்தனமில்லை. மாரிச் சிலிண்டரைப் போன மாரிச் சிலிண்டரோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் விறகு காய்ந்து கிடக்கும்போது சிலிண்டர் 40 நாளுக்கு இறங்கினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

காரணம் சமையலில் இல்லையென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து சட்டியின் அடியில் கரி பிடித்தால் பேர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. ரெகுலேற்றரிலும் குழாயிலும் சவர்க்கார நுரை பூசினால் கசிவு இருக்கும் இடத்தில் குமிழ் வரும்; நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வேலை வேண்டாம். மூன்றாவது, சிலிண்டர் வரும்போதே எடை சரியா என்பது. வெறும் சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நெல் நிறுக்கும் தராசு எங்கள் ஊரில் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நிறுத்து, பொறித்த எடையைக் கழித்தால் 12.5 கிலோ வர வேண்டும். இடையில் ஒருமுறை நிறுத்தாலும் எவ்வளவு மீதம் என்று தெரிந்துவிடும்.

இனிப் பாலுக்கு வருவோம். தை மாதம் இந்த வீட்டில் 400 கிராம் பால்மா நாலு பைக்கற் வாங்கினார்கள், ஒன்று 1,000 ரூபா: மொத்தம் 4,000. ஆடியில் ஐந்து பைக்கற், ஒன்று 1,050: மொத்தம் 5,250. கூடியது 1,250 ரூபா. "பால்மா விலை கூட்டிப்போட்டாங்கள்" என்று வீட்டில் பேச்சு. கூட்டியது உண்மைதான். ஆனால் பழையபடி நாலு பைக்கற் மட்டும் வாங்கியிருந்தால் விலை ஏற்றத்தால் போயிருக்கும் காசு நாலு ஐம்பது, 200 ரூபா. மீதி 1,050 ரூபா அந்த ஐந்தாவது பைக்கற்றுக்குப் போனது. விலை ஐந்து சதவீதம் ஏறியது, பால் செலவு முப்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது. விலை ஏறிய செய்தி வானொலியில் வந்தது. ஐந்தாவது பைக்கற் வந்த செய்தி எங்கும் வரவில்லை, அதனால் எல்லாப் பழியும் விலையின் தலையில் விழுந்தது.

இந்தக் கணக்கை எந்தப் பொருளுக்கும் போடலாம். விலை எவ்வளவு கூடியதோ அதைப் பழைய அளவால் பெருக்குங்கள்: அது கடையால் வந்த செலவு. அளவு எவ்வளவு கூடியதோ அதைப் புது விலையால் பெருக்குங்கள்: அது வீட்டால் வந்த செலவு. இரண்டையும் கூட்டினால் மொத்த வித்தியாசம் சரியாக வரும். புள்ளிவிபரக்காரர் இதையே பெரிய எழுத்தில் செய்கிறார்கள். அளவை எழுதி வைக்காத வீட்டில் இந்தக் கணக்கைப் போட வழியே இல்லை.

ஐந்தாவது பைக்கற் ஏன் வந்தது என்று கேட்டால் வன்னியில் பெரும்பாலும் பதில் மாட்டுத் தொழுவத்தில் கிடைக்கும். ஊரில் பசுப்பால் எடுக்கும் வீடுகள் பல. ஆடி, ஆவணி வறட்சியில் புல் காய்ந்து பால் குறையும்போது பால்காரர் அரைப் போத்தலோடு நிறுத்திக்கொள்வார். அந்த இடத்தைப் பால்மா நிரப்பும். கொப்பியில் பசுப்பால் ஒரு வரியிலும் பால்மா கடைச் சாமானோடும் இருப்பதால், ஒன்று இறங்க மற்றது ஏறுவது கண்ணில் படாது. இரண்டையும் ஒரே வரியில், ஒரே அளவில் எழுத வேண்டும். எங்கள் போத்தல் 750 மில்லிலீற்றர், லீற்றர் இல்லை. அதை மறந்தால் கணக்கு காற்பங்கு பிழைக்கும். 400 கிராம் முழு ஆடைப் பால்மாவைப் பசுப்பாலின் தடிப்பில் கரைத்தால் ஏறத்தாழ மூன்று லீற்றர் பால் வரும், அதாவது நாலு போத்தல். ஆகவே ஒரு போத்தல் பசுப்பாலின் விலை பால்மாப் பைக்கற் விலையின் காற்பங்குக்குக் கீழே இருந்தால் பசுப்பால் மலிவு. மேலே போனால் பால்மா மலிவு. பைக்கற் 1,050 என்றால் எல்லை 262 ரூபா. இதைத் தெரிந்த பிறகு எதை வாங்குவது என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால், விலை சமமாக இருக்கும்போது காசு ஊருக்குள் மாடு வளர்ப்பவரிடம் போவது நல்லது.

மரக்கறியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது ஆடி அசைவது இயல்பு. கரட், லீக்ஸ், கோவா போன்றவை மலையகத்திலிருந்து தம்புள்ளை வழியாக வருபவை. அங்கே மழை என்றால் இங்கே விலை. கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி எங்கள் மண்ணில் விளைபவை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது போல, மாரி மிஞ்சினால் அவையும் போய்விடும். போன கிழமையோடு ஒப்பிட்டுத் தலையில் கை வைப்பதில் பயனில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மரக்கறியையும் மீன், முட்டை, இறைச்சியையும் ஒரு வரியாக எழுதுங்கள். புரட்டாசிச் சனி, கந்தசஷ்டி என்று விரத நாட்கள் வந்தால் மீன் காசு மரக்கறிக்கு மாறும். முல்லைத்தீவுக் கரையில் மீன் மலிந்த கிழமையில் மரக்கறி இறங்கும். தனித்தனியாக எழுதினால் இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் மரக்கறியில் கூடிய 700 ரூபாவை நான் பருவத்தின் கணக்கில் எழுதி விட்டுவிடுவேன். தேங்காயை மட்டும் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். விலை இருநூறை எட்டிப் பார்த்த காலத்தில் சம்பலுக்கு ஒன்று, சொதிக்கு ஒன்று என்று உடைத்த வீட்டுக்கும், ஒன்றைப் பாதியாக வைத்த வீட்டுக்கும் வித்தியாசம் அந்த எண்ணிக்கையில்தான் தெரியும்.

கடைச் சாமான்தான் பெரிய தொகை. ஆனால் ஆச்சரியம், அதற்கான கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருக்கிறது, கடைக்காரரின் கடன் கொப்பியில். வன்னியில் சம்பளக்காரரும் கூலிக்காரரும் விவசாயியும் ஏதோ ஒரு கடையில் கொப்பி வைத்திருப்பார்கள். திகதி, தொகை எல்லாம் அதில் உண்டு. குறை என்னவென்றால் அவசரத்தில் கடைக்காரர் "சாமான் 640" என்று எழுதிவிடுவார். அந்த 640இல் சீனி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, பிள்ளை எடுத்த பிஸ்கற் எவ்வளவு, கைபேசிக்குப் போட்ட ரீலோட் எவ்வளவு என்று யாருக்கும் நினைவிராது. எங்கள் வீட்டில் கடைச் செலவு 1,450 ரூபா கூடியது. கொப்பியைக் கடைக்காரரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் இப்படி வரும் என்று வைப்போம்: 600 ரூபா ரீலோட், 450 ரூபா பாடசாலை விட்டு வரும் வழியில் பிள்ளைகள் எடுத்த பிஸ்கற்றும் மிக்சரும், சாமான் விலை உண்மையில் ஏறியதால் வந்தது 400. பாதிக்கு மேல் சாப்பாடே இல்லை. ரீலோட் தேவையான செலவாக இருக்கலாம், பிள்ளைக்கு இணையவழிப் பாடம் இருக்கலாம். ஆனால் அது குசினிக் கணக்கில் ஒளிந்திருக்கும்வரை வீட்டுக்காரி அரிசியிலும் பருப்பிலும் கை வைத்துக்கொண்டிருப்பார்.

சிறு பைக்கற்றுகளும் இங்கேதான் வருகின்றன. மிளகாய்த்தூள் 50 கிராம், தேயிலை 50 கிராம் என்று வாங்கினால் கிலோ விலை எப்போதும் கூட. செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கி வறுத்து மில்லில் அரைத்தால் மலிவு என்பதை எங்கள் அம்மாக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிறகு ஏன் சிறு பைக்கற்? நாட்கூலி எடுப்பவரின் கையில் ஒரேயடியாக அந்தத் தொகை இருப்பதில்லை. நகரத்திலிருந்து எழுதுபவர்கள் இதைச் சிக்கனம் தெரியாமை என்று எழுதும்போது எனக்கு எரிச்சல் வரும். மூன்று வீடு சேர்ந்து ஒரு தடவை அரைத்துப் பங்கிட்டால் சமாளிக்கலாம். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த பெண்களுக்கு இது பெரிய காரியமில்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். காஸில் 600, பாலில் 1,250, மரக்கறியில் 700, கடையில் 1,450: மொத்தம் 4,000. இதில் விலை ஏற்றத்தால் வந்தது பால்மாவில் 200, கடைச் சாமானில் 400, ஆக 600 ரூபா. 700 ரூபா பருவத்தின் வேலை, தானாக இறங்கும். மீதி 2,700 ரூபா நாட்களிலும் அளவிலும் ரீலோடிலும் போனது. அதிலும் எல்லாமே வீண் என்றில்லை. வறட்சியில் பிள்ளைக்குப் பால் நிறுத்தக்கூடாது. ஆனால் எது வேண்டியது, எது வேண்டாதது என்று வீட்டில் உட்கார்ந்து பேச இப்போதுதான் கையில் ஏதோ இருக்கிறது.

விவசாய வீடுகளில் இன்னொரு சிக்கல். அங்கே மாதம் என்ற அளவே பொருந்தாது. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. ஆவணியை ஒட்டிச் சிறுபோகம். நெல்லு வித்த கையோடு கடைக்கொப்பி அடைக்கப்படும், காஸ் காசுக்கு வரும், பிள்ளைகளுக்கு உடுப்பு எடுபடும். ஐப்பசியில் விதைப்புச் செலவு ஏறும்போது எல்லாம் மறுபடி கடனுக்குப் போகும். வீட்டில் கட்டி வைத்த நெல்மூடை இருக்கும்வரை கணக்கில் அரிசி இல்லை. மூடை முடிந்த மாதம் திடீரென்று அரிசிச் செலவு முளைக்கும். மூடையிலிருந்து எடுக்கும் நெல்லையும் அன்றைய விலையில் செலவாக எழுதினால்தான் வீடு உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறது என்பது தெரியும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு மாதக் கணக்கு ஒன்றும் சொல்லாது. ஒரு போகத்திலிருந்து அடுத்த போகம்வரை எழுதிவிட்டுப் பேசுங்கள்.

இந்தக் கணக்கு எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் குடும்ப வருமான செலவின ஆய்வில் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் முல்லைத்தீவு. அங்கே நூற்றில் 44 பேருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நெருக்கடிக்கு முந்தைய கணக்கு அது. வரவே போதாத வீட்டில் கசிவைத் தேடச் சொல்வது கொடுமை. ஆனால் அந்த வீட்டுக்கும் அளவு எழுதுவது வேறொரு விதத்தில் தேவை. பால்மா 1,000 ரூபாவாக இருந்தபோது நாலு பைக்கற் வாங்கிய தாய், 1,300 ஆனதும் மூன்று வாங்குகிறார். முன்பு 4,000, இப்போது 3,900. ரூபா மட்டும் எழுதிய கொப்பியில் இது நூறு ரூபா சேமிப்பு. உண்மையில் பிள்ளைகள் மூன்று லீற்றர் பாலை இழந்திருக்கிறார்கள். 2022இல் எத்தனையோ வீடுகளில் நடந்தது இதுதான். செலவு கட்டுக்குள் இருந்தது, சாப்பாடு சுருங்கியது. குடும்பநல மாது பிள்ளையை நிறுக்கும்வரை அது யாருக்கும் தெரியவில்லை. அஸ்வெசும உதவிக்குத் தகுதி பார்க்கும் உத்தியோகத்தரும் செலவுத் தொகையைக் கேட்டால் போதாது, எத்தனை கிலோ, எத்தனை லீற்றர் என்று கேட்க வேண்டும்.

கடைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும்; விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்கவும் வேண்டும். பட்டினப் பல்பொருள் அங்காடியில் இது தானாக நடக்கிறது. கிராமத்துப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் சமூகத்தின் சொத்து. பொருளின் பெயர், எடை, விலை மூன்றையும் எழுதிய துண்டை எல்லாருக்கும் கேட்காமலே கொடுக்கும் வழக்கத்தை அவை முதலில் தொடங்கலாம். அதற்குக் கணினி வேண்டாம், ஒரு துண்டுக் காகிதமும் பேனையும் போதும். விலைப்பட்டியல் இல்லாத கடையைப் பற்றிச் சொல்ல அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

கடன் கொப்பியில் வாங்குபவர்களுக்கு: அடுத்த தடவை கடைக்குப் போகும்போது "சாமான்" என்று மொத்தமாக எழுத விடாதீர்கள். பெயரும் எடையும் எழுதச் சொல்லுங்கள், ரீலோடைத் தனிப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் இப்போது எரிகிற சிலிண்டர் எந்தத் திகதி பூட்டியது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த சிலிண்டரிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.